பக்கத்துப் பலகைகளில் இல்லாத பெயர்

கேள்வி: வணக்கம். 9 வருடம் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தமாக ஒரு மையம் தொடங்கப் போகிறேன். நானும் தம்பியும் உட்கார்ந்து 40 பெயர்கள் எழுதினோம். எதைப் படித்தாலும் ஏற்கெனவே எங்கோ கேட்ட மாதிரியே இருக்கிறது. "முதலில் மற்றவர்களின் பெயர்களை அலசிப் பார், இடைவெளி எங்கே என்று கண்டுபிடி, அப்புறம் யோசி" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எதை, எப்படி அலசுவது? அதையெல்லாம் பார்த்தால் நமக்கும் அதே மாதிரிப் பெயர்தானே வரும்? என் பகுதியில் எனக்குத் தெரிந்த 19 மையங்களின் பெயர்களை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற பெயர்களைப் பார்த்தால் அவற்றின் சாயல் வந்துவிடுமோ என்று யோசிக்கிறீர்கள். அந்தச் சாயல் ஏற்கெனவே வந்துவிட்டது. 9 வருடமாக நோயாளிகள் கொண்டுவரும் கோப்புகளிலும் பரிந்துரைச் சீட்டுகளிலும் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். பேனாவை எடுத்ததும் கைக்கு வந்த சொற்கள் அங்கே பழகியவை. அவற்றைத் தாளில் எடுத்து வைத்த பிறகுதான் எது உங்கள் யோசனை, எது காதில் விழுந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அதனால் அந்த 40 பெயர்களையும் இப்போதைக்கு ஒரு உறையில் போட்டு மூடி வையுங்கள். கிழித்துவிட வேண்டாம், கடைசியில் வேண்டியிருக்கும். அவற்றில் ஒன்று மனதுக்குப் பிடித்துப்போன பிறகு அலசத் தொடங்கினால், அந்தப் பெயருக்குச் சாதகமானது மட்டும்தான் கண்ணில் படும். "இதே மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் எழுத்து வேறுதானே" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். பெயர் வைக்க என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய 19 பெயர்கள் நினைவிலிருந்து எழுதியவை என்று நினைக்கிறேன். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இனிமேல் தேடித் தேடிப் பட்டியலை நீட்டப் போகிறீர்கள். ஆனால் தேடாமலே நினைவுக்கு வந்தவை எவை என்பது ஒரு தனித் தகவல். பட்டியல் முழுமையான பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. அதே போல வீட்டில் இரண்டு பேரிடமும் பழைய நோயாளிகள் நான்கைந்து பேரிடமும், "நம்ம பக்கத்தில் பிசியோதெரபி செய்யும் இடங்கள் எவை?" என்று கேட்டு, அவர்கள் வாயில் வந்ததை வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். "அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கிற இடம்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். பலகையில் பெயர் எழுதியிருந்தும் வாயில் பெயர் வரவில்லை என்றால், அந்தப் பெயர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, யார் யாரைப் பட்டியலில் சேர்ப்பது? பிசியோதெரபி மையங்களை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நோயாளி அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. முதுகு பிடித்துக்கொண்டவர் மனதில் எலும்பு மருத்துவமனையின் பிசியோ பிரிவு வரும், வீட்டுக்கே வந்து சிகிச்சை தருபவர் வருவார், யோகா வகுப்பு வரும், மசாஜ் நிலையம் வரும், உடற்பயிற்சிக் கூடமும் வரும். அந்த வலிக்கு அவர் எங்கெல்லாம் போக நினைப்பாரோ அவை எல்லாமே பெயரளவில் உங்கள் போட்டியாளர்கள். இவற்றுக்குத் தனித் தாள் போடுங்கள். முதன்மைப் பட்டியலோடு கலந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும்.

எவ்வளவு தூரம் வரை என்ற கேள்விக்கு உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. பிசியோதெரபிக்கு ஒருவர் வாரத்துக்கு 2, 3 முறை, சில வாரங்கள் தொடர்ந்து வர வேண்டும். ஒரே ஒரு முறை அறுவை சிகிச்சைக்குப் போகிற மாதிரி தூரத்துக்குப் போக மாட்டார். முழங்கால் வலியோடு ஒருவர் எத்தனை நிமிடம் பயணம் செய்வார் என்பது 9 வருட அனுபவத்தில் உங்களுக்குத் தெரியும். அந்த நிமிடக் கணக்கை வைத்து வட்டம் போடுங்கள். அதற்கு வெளியே இருப்பவற்றில், இணையத்தில் தேடும்போது உங்கள் பகுதியோடு சேர்ந்து மேலே வருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது உங்கள் துறைச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். "முதுகு வலி", "கழுத்து வலிக்கு எங்கே பார்ப்பது", "பக்கவாதம் பயிற்சி" என்று நோயாளி தட்டுகிற சொற்களை வரைபடச் செயலியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் வேறு வேறு பெயர்கள் மேலே வரும். பிறகு ஒரு நாள் ஒதுக்கி அந்த வட்டத்துக்குள் நேரில் சுற்றிப் பலகைகளைப் படியுங்கள். வரைபடத்தில் ஒரு பெயரும் பலகையில் வேறு பெயரும் இருப்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். சிலர் தேடலில் மேலே வருவதற்காகப் பெயரோடு ஊர்ப் பெயரையும் "சிறந்த" என்ற சொல்லையும் சேர்த்து நீட்டி வைத்திருப்பார்கள். கூகுளின் வணிகப் பட்டியல் விதிப்படி பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும், இப்படி ஒட்டுவதற்கு அனுமதி இல்லை. அந்த ஒட்டுகளை எடுத்துவிட்டு அசல் பெயரை மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பெயரும் ஒரே மாதிரி நீளமாகத் தெரிந்து கணக்கு தப்பாகும்.

மூடிப்போன மையங்களையும் விடாதீர்கள். இதை நான் ஒரு தவறு செய்து கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பல் மருத்துவருக்காகப் பெயர்களை அலசினேன். திறந்திருந்தவை அனைத்தையும் எழுதி, இடைவெளியைக் கண்டுபிடித்து, நல்ல பெயரும் வைத்தோம். திறந்த முதல் மாதத்தில் வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வந்தது: "மறுபடியும் திறந்துட்டீங்களா?" அதே சொல்லை வைத்து நடந்த ஒரு மருத்துவமனை, ஏதோ பிரச்சினையில் 2 வருடம் முன்பு மூடியிருக்கிறது. பலகை போய்விட்டது, ஊர் நினைவில் பெயர் போகவில்லை. நான் இடைவெளி என்று நினைத்த இடம் காலி செய்யப்பட்ட இடம். இப்போதெல்லாம் அந்தப் பகுதியில் பல வருடமாக இருக்கிற இரண்டு பேரிடம், குறிப்பாக மருந்துக் கடைக்காரரிடம், "முன்னாடி இங்கே என்ன இருந்தது?" என்று கேட்காமல் பட்டியலை முடிப்பதில்லை.

சரி, பட்டியல் தயார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரிப்பதற்கு ஒரு விரிதாளோ கோடு போட்ட நோட்டோ போதும். நிறையப் பத்திகள் போடத் தேவையில்லை. முதல் பத்தியில் பெயர். இரண்டாவதில், அந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது: ஆளையா, இடத்தையா, செய்கிற வேலையையா, கிடைக்கிற பலனையா, உடல் உறுப்பையா, ஒரு படிமத்தையா, இல்லை புதிதாக உருவாக்கிய சொல்லா? மூன்றாவதில், பெயரை உடைத்தால் கிடைக்கும் சொற்கள், அவை எந்த மொழி என்பதோடு. நான்காவதில், மக்கள் வாயில் அது எப்படி வருகிறது. இந்த நான்கையும் நேர்மையாக நிரப்பினாலே போதும்.

உங்கள் 19 பெயர்களை நான் இப்படிப் போட்டுப் பார்த்தேன். மையங்களின் பெயர்களை இங்கே வெளியிடவில்லை, சொற்களை மட்டும் சொல்கிறேன். 8 பெயர்கள் செய்கிற வேலையைச் சொல்பவை. "பிசியோ" என்ற சொல்லோடு "கேர்", "பிளஸ்", "பாயின்ட்" என்று ஒரு வால். 5 பெயர்கள் அசைவைச் சொல்பவை: "மூவ்", "ஆக்டிவ்", "ஃப்ளெக்ஸ்" வகை. 4 மருத்துவர் பெயரில் நடப்பவை. ஒன்று பகுதியின் பெயர், ஒன்று முதுகெலும்பைச் சொல்வது. ஆள் பெயரையும் இடப் பெயரையும் தள்ளிவிட்டால் மிச்சம் 14. அந்த 14உம் ஆங்கிலச் சொற்கள். "பிசியோ" என்ற சொல் மொத்தம் 11 பெயர்களில் வருகிறது, "கேர்" 6 பெயர்களில்.

இந்த எண்ணிக்கையை அப்படியே பார்த்தால், 8 பேர் இருக்கும் பெட்டி நெரிசல், 4 பேர் இருக்கும் பெட்டி பரவாயில்லை என்று தோன்றும். அது மட்டும் போதாது. ஒரு பெட்டிக்குள் எத்தனை பேர் என்பதோடு, உள்ளே இருப்பவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்து அறிய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவர் பெயர்கள் நான்கும் நான்கு வேறு ஆட்கள். ஐந்தாவதாக ஒரு மருத்துவர் வந்தாலும் குழப்பம் இல்லை. வேலையைச் சொல்லும் 8 பெயர்களோ நோயாளியின் காதில் ஏறக்குறைய ஒரே பெயர். "பிசியோ"வும் "கேர்"உம் முன்னும் பின்னுமாக இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த 8 பெயர்களையும் போனில் ஒருவருக்கு ஒரு முறை படித்துக்காட்டுங்கள். 10 நிமிடம் கழித்து அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவதில் இல்லாத பெயர்களும் சேர்ந்து வரும். நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனையின் வரவேற்பிலும் கேட்டுப் பாருங்கள். வேறு மையத்தின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்பவர்கள், அங்கே முன்பதிவு செய்துவிட்டு இங்கே போன் போடுபவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு கேள்வியில் நெரிசல் எங்கே என்று புரிந்துவிடும்.

இடைவெளி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் "யாரும் வைக்காத பெயர்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் வைக்காத பெயர் ஆயிரம் கிடைக்கும். நாம் தேடுவது யாரும் நிற்காத, ஆனால் நோயாளி எதிர்பார்க்கிற ஒரு இடத்தை. இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் பிரிட்டனின் கைபேசிச் சந்தை. அங்கே 1985இல் தொடங்கிய இரண்டு நிறுவனங்கள் செல்நெட், வோடஃபோன். ஒன்று செல் வலைப்பின்னலைச் சொன்னது. மற்றொன்றில் குரல், தரவு, தொலைபேசி மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் துண்டுகள் இருந்தன. இரண்டும் கருவியைப் பேசிய பெயர்கள். 1993இல் வந்த ஒன் டூ ஒன், இருவர் பேசிக்கொள்வதைச் சொன்னது. 1994இல் நான்காவதாக ஆரஞ்ச் வந்தது. தொலைபேசியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நிறம். பழக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் அதே பெயர் யார் கண்ணிலும் பட்டிருக்காது. பக்கத்தில் நின்ற மூன்று பெயர்கள்தான் அதை எடுத்துக் காட்டின. ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1933இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். ஒரே வகைப் பொருட்கள் நிறைந்த பட்டியலில் வேறு வகையைச் சேர்ந்த ஒன்று நன்றாக நினைவில் நிற்கிறது. வேறுபாடு அந்தப் பொருளில் மட்டும் இல்லை, பட்டியலிலும் இருக்கிறது. உங்கள் வட்டத்துப் பட்டியலை நீங்களே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இன்னொரு ஊரில் எடுத்த பட்டியல் உங்களுக்கு உதவாது.

இப்போது உங்கள் அட்டவணையில் காலியாக இருக்கும் பெட்டிகளுக்கு வருவோம். படிமம் காலி. புதிதாக உருவாக்கிய சொல் காலி. தாய்மொழிச் சொல் காலி. "வலி" என்ற சொல்லும் 19இல் எங்குமே இல்லை. குணம், உத்தரவாதம் என்று சொல்கிற பெயரும் இல்லை. இத்தனை காலி இடம் பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"வலி"யை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி தேடலில் தட்டுகிற முதல் சொல்லே அதுதான், அப்படியிருக்க யாரும் ஏன் வைக்கவில்லை? வலி சிகிச்சை என்பது மருத்துவர்கள் செய்யும் தனிப் பிரிவு. ஊசியும் மருந்தும் எதிர்பார்த்து வருகிறவர்கள் உங்கள் வாசலில் நிற்பார்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதோடு பக்கவாதத்துக்குப் பிறகு நடைபழக வருகிறவருக்குப் பெரும்பாலும் வலி முக்கியப் பிரச்சினையே இல்லை. அவரை அந்தப் பெயர் வெளியே நிறுத்திவிடும். குணம், உத்தரவாதம் பக்கம் போகவே வேண்டாம். சிகிச்சையின் பலனுக்கு உறுதி கொடுப்பதைப் பல நாடுகளில் மருத்துவத் தொழில் நெறிகள் தடுக்கின்றன. இந்த இரண்டு பெட்டிகளும் காரணத்தோடு காலியாக இருக்கின்றன. அவற்றை இடைவெளி என்று எண்ணக் கூடாது.

ஒரு பெட்டி காரணத்தோடு காலியா, யாருக்கும் தோன்றாமல் காலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ஊருக்குச் சம்பந்தமில்லாத, ஏறக்குறைய அதே அளவுள்ள இரண்டு ஊர்களின் பட்டியலை வரைபடத்திலேயே எடுத்துப் பாருங்கள். இதற்கு முழு அலசல் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். அங்கே அந்தப் பெட்டியில் யாராவது இருந்து, பல வருடம் நடத்தி, மதிப்புரைகளும் நிறைய வாங்கியிருந்தால், அந்த வகைப் பெயரை நோயாளிகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிகிறது. உங்கள் பகுதியில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்று ஊர்களிலும் காலி என்றால் ஜாக்கிரதை. அதற்குள் போகலாம், ஆனால் நீங்கள்தான் முதலில் பரிசோதிக்கிறீர்கள் என்று தெரிந்து போக வேண்டும்.

அந்தத் தனித் தாளையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிமம் உங்கள் பட்டியலில் காலி என்றேன். ஆனால் அதே தெருவில் யோகா வகுப்பும் மசாஜ் நிலையமும் இலை, தாமரை, மூங்கில் என்று வைத்திருந்தால், நீங்கள் இன்னொரு இலையை வைக்கும்போது நோயாளி உங்களை அந்த வரிசையில் வைத்துவிடுவார். 9 வருட மருத்துவமனை அனுபவம் மசாஜ் பக்கம் சாய்ந்துவிடும். போட்டியாளர்களுக்கு நடுவே தனித்து நின்றும் தப்பான கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிற பெயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாய்மொழிச் சொல் என்ற பெட்டி நல்ல பெட்டி. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 5 பேர் அசைவைச் சொல்கிறார்கள், அதையே "நடை", "அசைவு", "இயக்கம்" என்று மொழிபெயர்த்து வைத்தால் ஒலி புதிதாகிறது, பொருள் பழையதாகவே இருக்கிறது. அரை இடைவெளிதான் கிடைக்கும். வர்த்தகக் குறியைப் பதியும்போதும் இரண்டு பெயர்களைப் பார்வை, ஒலி, பொருள் மூன்றிலும் ஒப்பிடுவது வழக்கம். மொழியை மாற்றிவிட்டோம், அதனால் வேறு பெயர் என்று வாதாடுவது எப்போதும் செல்லாது.

எனக்கு உங்கள் பட்டியலில் மிகவும் சுவாரசியமாகப் பட்டது வேறு ஒன்று. அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு பெயரும் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று எழுதிப் பார்த்தேன். அசைவுப் பெயர்கள் ஐந்தும் விளையாடுகிறவரை, ஓடுகிறவரைப் பார்த்துப் பேசுகின்றன. வேலையைச் சொல்லும் எட்டும், பரிந்துரைச் சீட்டை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவரிடம் பேசுகின்றன, ஏனென்றால் "பிசியோ" வேண்டும் என்பது அவருக்கு யாரோ சொன்னது. நான்கு பெயர்கள் அந்த மருத்துவரைத் தெரிந்தவரிடம் பேசுகின்றன. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து வீட்டுக்கு வந்து, மறுபடியும் தானே எழுந்து குளிக்கப் போக வேண்டும் என்று நினைக்கிற 68 வயது அம்மாவிடம் பேசுகிற பெயர் 19இல் ஒன்றுகூட இல்லை. தோள் இறுகி, தலைக்குப் பின்னால் கை கொண்டுபோய்த் தலைமுடியைக் கட்ட முடியாதவரிடம் பேசுகிற பெயரும் இல்லை. அவர்கள் "எனக்கு அசைவு வேண்டும்" என்று சொல்ல மாட்டார்கள். "மாடி ஏறணும்", "பேரனைத் தூக்கணும்", "கீழே உட்கார்ந்து எழுந்திரிக்கணும்" என்றுதான் சொல்வார்கள். உங்கள் நோயாளிகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவர்கள் என்றால், சுட்டும் பொருள் என்ற பத்தியில் நான் போட்ட பெட்டிகளே போதவில்லை என்று அர்த்தம். "திரும்பக் கிடைக்கும் அன்றாடச் செயல்" என்று ஒரு புதிய பெட்டி போட வேண்டும். அது முழுக்கக் காலி. நான் பார்த்தவரை காரணத்தோடு காலியானதும் இல்லை. இரண்டு வெளியூர்ப் பட்டியலை வைத்து அதை நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இது உங்களுக்குப் பொருந்துமா என்பது உங்கள் நோயாளிகளைப் பொறுத்தது. விளையாட்டுக் காயங்களைத்தான் அதிகம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடைவெளி உண்மையானதுதான், ஆனால் உங்களுடையதாக இருக்காது. கடந்த 3 மாதத்தில் நீங்கள் பார்த்தவர்களை மனதில் கொண்டுவந்து, எந்த வகை எத்தனை பேர் என்று தோராயமாகக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கு, அட்டவணையின் காலிப் பெட்டி, இரண்டும் சந்திக்கிற இடம்தான் வேண்டியது.

அலசலின் முடிவாகக் கையில் பெயர் எதுவும் இருக்காது, ஒரு அரைப் பக்கக் குறிப்பு இருக்கும். உங்கள் விஷயத்தில் அது ஏறக்குறைய இப்படி வரும்: பெயரின் முதல் சொல்லாக "பிசியோ" வராது. "கேர்", "பிளஸ்" முதலிய வால்கள் எங்கும் வராது. அசைவு, ஓட்டம், சுறுசுறுப்பு என்ற பொருள் எந்த மொழியிலும் வேண்டாம். இலை, பூ வேண்டாம். நோயாளி தானாகச் செய்ய விரும்பும் ஒரு சாதாரணச் செயலையோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் பொருளையோ சுட்ட வேண்டும். பேச்சில் வாழும் சொல்லாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று அசைக்கு மேல் போகக் கூடாது. பலகையில் பெயருக்குக் கீழே "பிசியோதெரபி மையம்" என்ற வரி தனியாக இருக்கும்.

கடைசி வாக்கியம் முக்கியம். பெயரிலிருந்து "பிசியோ"வை எடுத்தால் என்ன தொழில் என்று யாருக்குத் தெரியும் என்று தம்பி கேட்பார். கீழ் வரி அதைச் சொல்லிவிடும், வரைபடச் செயலியில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வணிக வகையும் சொல்லும். 11 பேர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிற சொல்லைப் பெயருக்குள் வைத்து அந்த இடத்தை வீணாக்க வேண்டாம். பொதுவான தொழிற்சொற்களுக்கு வர்த்தகக் குறிப் பதிவில் தனியுரிமை கிடைப்பதும் கடினம்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். 19, 30 என்று பெயர்கள் இருப்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது. போட்டியாளர் 3, 4 பேர் மட்டும் என்றால் போக்கு எதுவும் தெரியாது, எதை வைத்தாலும் இடைவெளிதான். அப்போது அந்தத் தனித் தாள், அதாவது பக்கத்துத் தொழில்களின் பட்டியல், முதன்மைப் பட்டியலாகிவிடும். அதோடு, காலிப் பெட்டியில் நிற்கிறது என்பதற்காக ஒரு பெயர் நல்ல பெயராகிவிடாது. எங்கே நிற்கக் கூடாது என்பதைத்தான் அலசல் சொல்லும்.

இப்போது உறையைப் பிரியுங்கள். 40 பெயர்களையும் அதே அட்டவணையில், மற்றவர்களின் பெயர்களுக்குக் கீழே வேறு நிற மையில் எழுதிப் பத்திகளை நிரப்புங்கள். பெரும்பாலானவை "பிசியோ" பெட்டியிலும் அசைவுப் பெட்டியிலும் போய் விழும் என்று நினைக்கிறேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததற்குக் காரணம் அங்கே தெரியும். ஒன்றிரண்டு காலிப் பெட்டியில் விழுந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு அரைப் பக்கக் குறிப்பை மேசையில் வைத்துக்கொண்டு தம்பியோடு மறுபடியும் உட்காருங்கள்.

அதில் தேறும் நான்கைந்து பெயர்களை வர்த்தகக் குறிப் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கும் நீஸ் வகைப்பாட்டில் மருத்துவச் சேவைகள் 44ஆம் வகுப்பில் வரும், அங்கே தேடுங்கள். பதிவு செய்ய முடிவெடுத்தால் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் வட்டத்துக்குள் இன்னொரு முறை சுற்றிவிட்டு வாருங்கள். இடைப்பட்ட மாதங்களில் யாராவது புதிதாகத் திறந்திருக்கலாம், திறக்கப் போகிறோம் என்று துணி கட்டியிருக்கலாம். அன்றைக்கு மருந்துக் கடைக்காரரிடம் அந்த நான்கு பெயர்களையும் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தத் தொழில் மாதிரித் தெரிகிறது, யாருடைய இடம் மாதிரி ஒலிக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதை அட்டவணையின் நான்காவது பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.